உரிமை, பொறுப்பு பாடத்தைச் சூழல் அட்டைகளோடு நடத்துவது எப்படி: ஆறாம் வகுப்புக்கு ஒரு வழிகாட்டி

கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ் மீடியம் யு.பி. பள்ளியில் சேர்ந்த முதல் வருஷம், இந்தப் பாடத்துக்கு ராத்திரி உட்கார்ந்து, ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளைக்கு நடக்கிற ஒரு சம்பவமாக 24 அட்டை எழுதினேன். ‘உரிமை’, ‘பொறுப்பு’ என்று இரண்டு அட்டைப்பெட்டி வைத்தேன். பிள்ளைகள் 12 நிமிஷத்தில் எல்லாவற்றையும் சரியாகப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். மீதி 28 நிமிஷம் என்ன செய்வது என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது ஒரு பையன் எழுந்தான். “பொறுப்பா இருந்தா உரிமை கெடைக்கும், இல்லீனா கெடைக்காது. அவ்வளவுதானுங்க டீச்சர்?” நானும் ஆமாம் என்று சொல்லி, அதையே போர்டில் எழுதியும் போட்டேன்.

அது தப்பான பாடம். அதைத் திருத்திக்கொள்ள எனக்கு மூன்று வருஷம் ஆனது. இந்தப் பாடத்தை முதல் தடவை எடுக்கப்போகிறவர்களுக்கு அந்த மூன்று வருஷம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். 30 பிள்ளைகள், 40 நிமிஷ பீரியட் இரண்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதல் நாளே வார்த்தையைச் சோதித்துப் பாருங்கள்

பாடத்துக்கு முந்தின நாள், வகுப்பு முடிகிற நேரத்தில், “உரிமைன்னா என்ன?” என்று மட்டும் கேளுங்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதலில் வருவது ‘மாமன் உரிமை’தான். சீர் செய்கிற உரிமை, பொண்ணு கேட்கிற உரிமை. அதாவது உறவு இருந்தால் கிடைப்பது.

அடுத்த சிக்கல் எல்லைப்புறத்துக்கே உரியது. மலையாளத்தில் உரிமைக்கு ‘அவகாசம்’ என்பார்கள். குழந்தை உரிமை அங்கே ‘பாலாவகாசம்’. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவகாசம் என்றால் நேரம் கொடுப்பது. பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் பாலாவகாசம் என்று படித்துவிட்டு, “பசங்களுக்கு டைம் குடுக்கறதுங்க” என்று ஒரு பெண் எனக்கு விளக்கம் சொன்னாள். இரண்டு சொல்லையும் போர்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடுங்கள்; ஐந்து நிமிஷ வேலை.

பிறகு ஒரே ஒரு வரி கொடுங்கள்: 18 வயது ஆகாத எல்லாருக்கும் கிடைத்தே ஆகவேண்டியது உரிமை, நல்ல பிள்ளை, கெட்ட பிள்ளை என்ற கணக்கு அதில் இல்லை. ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை 1989-இல் வந்தது, இந்தியா 1992-இல் அதை ஏற்றது என்று சொன்னால் போதும். அதில் 54 பிரிவு இருக்கிறது என்று பட்டியலைத் திறந்துவிடாதீர்கள்.

‘பொறுப்பு’ இன்னும் வழுக்கும். ‘பொறுப்பான பொண்ணு’ என்றால் நம் ஊரில் சொன்ன பேச்சைக் கேட்கிற பெண் என்று பொருள். அதனால் அந்தச் சொல்லை அட்டையில் எழுதுவதில்லை. “இதை யார் செய்யணும்?” என்றுதான் கேட்பேன்.

2. இரண்டு பெட்டி வேண்டாம், இரண்டு சுற்று வையுங்கள்

நான் செய்த அடிப்படைப் பிழை இதுதான். உரிமைக்கு ஒரு பெட்டி, பொறுப்புக்கு ஒரு பெட்டி என்று வைத்தால், ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிற பண்டமாற்றுப் போலப் பிள்ளைகளுக்குத் தோன்றிவிடுகிறது.

ஒரே அட்டையை இரண்டு தடவை பிரிக்கச் சொல்லுங்கள். முதல் சுற்றில் கேள்வி: இந்தப் பிள்ளைக்கு உரிமை கிடைத்திருக்கிறதா, கிடைக்கவில்லையா, இன்னும் விவரம் தெரியவேண்டுமா? மூன்று குவியல். இரண்டாவது சுற்றில், ‘கிடைக்கவில்லை’ குவியலை மட்டும் எடுத்து, அதைச் சரிசெய்ய யார் என்ன செய்யணும் என்று பார்க்கவேண்டும். இப்படி வைத்தால் பொறுப்பு என்பது உரிமைக்குக் கொடுக்கிற விலையாகத் தெரியாது. ஒருவருடைய உரிமை விடுபட்ட இடத்தில் மற்றவர்களுக்கு வந்து சேர்கிற வேலையாகத் தெரியும்.

‘இன்னும் விவரம் தெரியவேண்டும்’ என்ற குவியல்தான் பாடத்தின் உயிர். அதை விட்டுவிடாதீர்கள்.

3. அட்டைகளை எழுதுங்கள்: 12 போதும்

ஒரு அட்டைக்கு மூன்று வாக்கியம், 30 சொல்லுக்குள். ஒரு பிள்ளை, ஒரு இடம், ஒரு சம்பவம். ‘பாவம்’, ‘கொடுமைக்கார’, ‘ஆனாலும்’ மாதிரிச் சொற்கள் விடையைக் காட்டிக்கொடுத்துவிடும், எடுத்துவிடுங்கள். நான்கு அட்டை பார்த்ததும் விடை தெரிகிறதாக இருக்கட்டும். எட்டு அட்டை வாக்குவாதம் வருகிறதாக இருக்கவேண்டும். என் அட்டைக் கட்டிலிருந்து சில:

“நிவாஸ் வகுப்பில் பதில் தப்பாகச் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த நாளிலிருந்து அவன் கை தூக்குவதில்லை.”

“காலையில் தனியார் பஸ் நிற்கிறது. கன்செஷன் பிள்ளைகள் கீழேயே நிற்கவேண்டும், மற்ற ஆட்கள் ஏறின பிறகுதான் ஏறலாம் என்கிறார் கண்டக்டர். ஷாலினிக்கு தினமும் முதல் பீரியட் பாதி போய்விடுகிறது.”

“அருண் சேற்றில் விழுந்ததை நண்பன் போட்டோ எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான். அருணும் சிரித்தான்.”

“பாலக்காட்டில் ஒரு போட்டிக்குப் போன இடத்தில் மீனா தோழியோடு தமிழில் பேசினாள். ‘இங்கே மலையாளம் பேசினால் போதும்’ என்றார் ஒரு பெரியவர்.”

இந்தக் கடைசி அட்டைக்கு எங்கள் பிள்ளைகளிடம் வருகிற சூடு வேறு எதற்கும் வராது. சிறுபான்மை மொழி பேசுகிற பிள்ளை தன் மொழியைப் பேசலாம் என்று உடன்படிக்கையின் 30-ஆவது பிரிவு சொல்கிறது. பலரும் இதை அன்றைக்குத்தான் கேள்விப்படுகிறார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வகுப்பில் இருக்கும் ஒரு பிள்ளையின் கதையை, பெயரை மட்டும் மாற்றி அட்டையில் எழுதிவிடாதீர்கள். அப்பா குடித்துவிட்டு வருகிற அட்டை ஒன்றை முதல் வருஷம் வைத்திருந்தேன். பொதுவான சம்பவம் என்றுதான் நினைத்தேன். ஒரு பெண் பாடம் முடிகிறவரை தலையைத் தூக்கவே இல்லை. அவள் குழுவில் இருந்தவர்கள் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது வருகைப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அட்டையாகப் படிக்கிறேன். பெயரோ வீட்டு நிலைமையோ யாருக்காவது ஒட்டினால் அந்த அட்டை போய்விடும். குடி, வீட்டு அடி, பாலியல் தொல்லை மூன்றும் குழு அட்டையில் வரவே கூடாது. அவற்றுக்கு வேறு பாடம், வேறு ஆயத்தம் வேண்டும்.

4. அச்சும் செலவும்

ஒரு ஏ4 தாளில் நான்கு அட்டை வரும். 12 அட்டைக்கு 3 தாள். ஐந்து பேர் குழு என்றால் 6 குழு, அதாவது 18 பிரதி. எங்கள் கடையில் பிரதிக்கு 2 ரூபாய், மொத்தம் 36 ரூபாய். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி அதன்மேல் ஒட்டினால் மூன்று வருஷம் தாங்கும். பிள்ளைகளிடம் கேட்டால் பை நிறையப் பத்திரிகை வந்துவிடும். ஒவ்வொரு அட்டைக்கும் எண் போடுங்கள். இல்லாவிட்டால் “அந்த பஸ் அட்டைங்க டீச்சர்” என்று தேடியே நேரம் போகும். லேமினேஷன் வேண்டாம், வெளிச்சத்தில் பளபளத்துப் படிக்க முடியாது.

5. அனுமதியும் நாளும்

டீச்சிங் மேனுவலில் வழக்கம்போல எழுதி வையுங்கள். ஆனால் 12 அட்டையையும் ஒரு வாரம் முன்பே ஹெச்.எம்.மிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிறகு ஒரு பெற்றோர் வந்து, “என்ன, பசங்களுக்கு எங்க மேல கேஸ் போடச் சொல்லித் தர்றீங்களா?” என்று கேட்டால் அந்தத் தாள்தான் உங்களுக்குத் துணை. கேட்பார்கள். என்னிடம் இரண்டு பேர் கேட்டார்கள்.

பள்ளிக் கவுன்சிலர் எந்தக் கிழமை வருவார் என்று விசாரித்து, அதற்கு முந்தின நாளோ அதே நாளோ பாடத்தை வையுங்கள். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் வேண்டவே வேண்டாம். இந்தப் பாடம் ஏதாவது ஒரு பிள்ளையை வாய் திறக்க வைக்கலாம். வாய் திறந்த பிள்ளை இரண்டு நாள் யாரையும் பார்க்க முடியாமல் வீட்டில் இருக்கவேண்டி வரும்.

6. முதல் பீரியட்

ஒரு எளிய அட்டையைச் சத்தமாகப் படித்து, எந்தக் குவியல், ஏன் என்று வகுப்பே சேர்ந்து பேசட்டும். 5 நிமிஷம் போதும். பிறகு குழுவுக்கு 8 அட்டை மட்டும் கொடுங்கள். 12-ஐயும் கொடுத்தால் பேசமாட்டார்கள், வேகமாகப் பிரிப்பார்கள். அட்டையை ஒருவர் படிக்கவேண்டும். ஐந்து பேரும் ஒத்துக்கொண்டால்தான் குவியலில் வைக்கலாம். ஒத்துவராவிட்டால் மூன்றாவது குவியல். இதற்கு 15 நிமிஷம்.

அந்த நேரத்தில் நீங்கள் விடை சொல்லக் கூடாது. நடந்துகொண்டே காது கொடுங்கள். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடித்துவிட்ட குழுவில் ஒரு பிள்ளை மட்டும்தான் முடிவெடுக்கிறது என்று அர்த்தம். அந்தப் பிள்ளையிடம் எழுதுகிற வேலையைக் கொடுத்துவிடுங்கள். வாய் கொஞ்சம் ஓயும். மூன்றாவது குவியலிலேயே எல்லாம் கிடந்தால் சண்டைக்குப் பயப்படுகிறார்கள். “என்ன விவரம் வேணும்? ஒரு கேள்வியா எழுதுங்க” என்று கேட்டுப் பாருங்கள், பாதி அட்டை நகர்ந்துவிடும்.

மீதி நேரத்தில் எல்லாரும் எழுந்து மற்றக் குழுக்களின் குவியலைப் பார்க்கட்டும். எங்கே வேறுபடுகிறதோ அந்த அட்டை எண்ணைப் போர்டில் எழுதட்டும்.

7. ஒரு அட்டையை முழுதாக ஓட்டுங்கள்: தேவியும் மாங்காயும்

எங்கள் போர்டில் எப்போதும் முதலில் வருகிற எண் 7.

“தேவிக்கு 12 வயது. அவள் அப்பா அம்மா முதலமடையில் சின்ன மாந்தோப்பு வைத்திருக்கிறார்கள். பள்ளி விட்டு வந்ததும் ஒரு மணி நேரம் காய்களைத் தரம் பிரிக்க உதவுகிறாள்.”

பாதி வகுப்பு இதை ‘கிடைக்கவில்லை’ குவியலில் போடும். குழந்தைத் தொழிலாளர் என்று எங்கேயோ கேட்ட நினைவு. மீதிப் பாதி கோபப்படும். “எங்க வீட்ல நான் மாட்டுக்குத் தண்ணி காட்டறேனுங்க. அதுவும் தப்புங்களா?”

தீர்ப்புச் சொல்லாமல், அட்டையோடு மூன்று துண்டுச் சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுங்கள். ஒவ்வொரு சீட்டுக்கும் அட்டையை நகர்த்தலாமா என்று கேளுங்கள்.

முதல் சீட்டு: லாரி வருகிற அன்று தேவி பள்ளிக்குப் போவதில்லை. இப்போது ஏறக்குறைய எல்லாரும் நகர்த்துவார்கள். “மாசம் ஒரு நாள்னா பரவால்லைங்க” என்று ஒருவன் சொன்னான். “அன்னைக்குப் பரீட்சை இருந்தா?” என்று அவன் பக்கத்திலிருந்தே கேள்வி வந்தது.

இரண்டாவது சீட்டு: தோப்பு அவர்களுடையது இல்லை, ஒரு முதலாளியுடையது. தேவியின் கூலியை அம்மா கையில் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுவார்கள். வேலை அதேதான், நேரமும் அதேதான். அம்மாவும் பக்கத்தில்தான் இருக்கிறாள். ஆனால் சட்டம் இங்கே கோடு போடுகிறது. 2016-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயதுக்குள் இருக்கும் பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. சொந்தக் குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக அல்லது லீவு நாளில், ஆபத்தில்லாத வேலையில் உதவுவதற்கு விலக்கு உண்டு. முதலாளி தோப்பு குடும்பத் தொழில் ஆகாது.

மூன்றாவது சீட்டு: தோப்பு சொந்தம்தான், ஆனால் அன்று காலைதான் மருந்து அடித்திருக்கிறார்கள். இதற்கு யாரும் உங்களைக் கேட்கமாட்டார்கள். மருந்து வாடை எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

கடைசியில் முதல் அட்டைக்குத் திரும்புங்கள். சீட்டு எதுவும் இல்லாத தேவி ‘கிடைத்திருக்கிறது’ குவியலில் இருக்கலாம். ஆனால் ஒரு குழு விடாமல் மூன்றாவது குவியலிலேயே வைத்திருந்தது. “அவ எப்ப விளையாடறான்னு அட்டைல இல்லைங்க.” விளையாட்டும் ஓய்வும் 31-ஆவது பிரிவில் வருகிற உரிமை. அந்தக் குழு சொன்னது சரி. அட்டையை அங்கேயே விட்டேன்.

8. இரண்டாம் பீரியட்: யார் செய்யணும்?

நீளமான ஐந்து பட்டைத் தாள் போதும்: அந்தப் பிள்ளை, கூட இருக்கும் பிள்ளைகள், வீட்டுப் பெரியவர்கள், பள்ளி, பஞ்சாயத்தும் அரசும். ‘கிடைக்கவில்லை’ அட்டைக்குக் கீழே பொருந்துகிற பட்டைகளை வைத்து, ஒவ்வொன்றிலும் என்ன செய்யணும் என்று ஒரு வரி எழுதவேண்டும். விதி ஒன்றுதான்: பெரியவர்கள் பட்டை ஒன்றாவது இல்லாமல் அட்டையை மூடக்கூடாது.

விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன். பஸ் அட்டைக்கு, “ஷாலினி சீக்கிரம் எந்திரிக்கணும்” என்று நான்கு குழு எழுதியது. லாரி வருகிற அன்று தேவி பள்ளிக்குப் போகாததற்கு, “அம்மாகிட்ட தைரியமா சொல்லணும்.” எல்லாம் பிள்ளை தலையில். விதி வைத்த பிறகு தேவிக்குக் கீழே வகுப்பு டீச்சர் வந்தார்: வராத நாளை எழுதி வைத்து வீட்டில் விசாரிக்கணும். பிறகு பஞ்சாயத்து வந்தது. பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்களா என்று உள்ளாட்சி அமைப்பு கண்காணிக்கவேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அதை அவர்கள் எழுதின பிறகு சொன்னால் நம்புவார்கள்.

இனி அந்தப் பழைய பொறி. ஒரு அட்டை இப்படி: “சரத் மூன்று நாளாக வீட்டுப்பாடம் எழுதவில்லை. பி.டி. பீரியடில் அவனை வகுப்பிலேயே உட்காரவைத்தார்கள்.” வகுப்பே இதை நியாயம் என்று சொல்லும். எழுதினால்தான் விளையாடலாம், மரியாதை கொடுத்தால்தான் மரியாதை கிடைக்கும். இந்த ‘ஆல்தான்’ காதில் விழுந்தால் நிறுத்துங்கள். உரிமைக்கு நிபந்தனை போடுகிற வாக்கியம் பெரும்பாலும் இந்த விகுதியில்தான் வரும். அதைப் போர்டில் எழுதி, ‘ஆல்தான்’ மேல் ஒரு கோடு போட்டுவிட்டு, வாக்கியத்தை இரண்டாக உடைக்கச் சொல்லுங்கள். “சரத் விளையாடலாம்.” “சரத் வீட்டுப்பாடம் எழுதணும்.” இரண்டும் உண்மை, ஒன்று மற்றதற்கு அபராதம் இல்லை. பிறகு, எழுதாததை எப்போது எழுதுவது, ஏன் எழுத முடியவில்லை என்று யார் கேட்பது என்று பேச்சு போகும். (நானும் பி.டி. பீரியடைப் பிடித்தவள்தான். பிள்ளைகள் அதை நினைவுபடுத்தாமல் விடமாட்டார்கள். தயாராக இருங்கள்.)

அப்படியானால் பிள்ளைகளுக்குப் பொறுப்பே இல்லையா என்று ஸ்டாஃப் ரூமில் கேட்பார்கள். இருக்கிறது, இன்னொரு பிள்ளையின் உரிமை தன் கையில் இருக்கிற இடத்தில் இருக்கிறது. அதற்குத்தான் அருணின் போட்டோ அட்டை. அங்கே ‘கூட இருக்கும் பிள்ளைகள்’ பட்டை தானாக நீளும்: போட்டவன் அழிக்கணும், பார்த்தவர்கள் வேறு குரூப்புக்கு அனுப்பக்கூடாது, அருண் சிரித்தாலும் அவனிடம் தனியாகக் கேட்கணும். அப்போதும் குரூப்பை நடத்துகிற பெரியவர் யார் என்று கேட்க மறந்துவிடாதீர்கள்.

9. ஒரு பிள்ளை தன் கதையைத் தொடங்கினால்

வகுப்பு நடுவில், “எங்க வீட்லயும்...” என்று வந்தால், “இதை நான் முழுசாக் கேக்கணும், பெல் அடிச்சதும் நாம பேசலாம்” என்று மெதுவாக நிறுத்தி, அன்றைக்கே கேளுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். “உதவி செய்யறவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்” என்பதே உண்மை. துருவிக் கேட்காமல், அது சொன்ன சொற்களிலேயே தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள்.

ஹெச்.எம்.முக்கும் கவுன்சிலருக்கும் சொல்லுங்கள். விஷயம் பாலியல் தொல்லை என்றால் அதோடு உங்கள் வேலை முடியாது. 2012 போக்சோ சட்டப்படி, தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. “பள்ளிப் பேரு கெட்டுடும், நாமளே பேசித் தீர்த்துக்கலாம்” என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள். மற்ற ஆபத்துகளுக்குக் குழந்தைகள் உதவி எண் 1098, இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம். அந்த எண்ணைப் பாடத்தின் முதல் நிமிஷத்திலேயே போர்டின் மூலையில் எழுதிவிடுங்கள்; தனியாகக் காட்டவேண்டாம்.

பி.டி.ஏ. குரூப்புக்கு இந்தப் பாடத்தின் போட்டோ கேட்பார்கள். குவியல்களை எடுத்து அனுப்புங்கள், முகங்களை வேண்டாம்.

10. கடைசி மூன்று நிமிஷம்

பெயர் போடாத துண்டுத் தாளில் ஒரு கேள்வி: “எந்த எண் அட்டையில் மனசு மாறினாய்? எதனால்?” முதல் வருஷம் இதைக் கேட்டிருந்தால் எல்லாத் தாளும் வெறுமையாக வந்திருக்கும். இப்போது 30-இல் 20 தாளிலாவது எண்ணும் ‘ஏன்னா’வும் இருந்தால் அட்டைகளை அப்படியே வைத்துக்கொள்கிறேன். யாருமே எழுதாத எண் ரொம்ப எளிது; அடுத்த வருஷம் அதை மாற்றிவிடுவேன். போன தடவை ஒரு தாளில் எண் இல்லை. “ஒரு அட்டை கம்மியா இருக்கு. அக்கா படிப்ப நிறுத்தினா தம்பி படிக்கிற வீடு” என்று எழுதியிருந்தது. யார் எழுதியது என்று தேடவில்லை. அந்த அட்டையை எழுதிக்கொண்டிருக்கிறேன். வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தபிறகுதான் கட்டில் சேர்க்கவேண்டும்.